மளிகைச் சிட்டை போட்டோவைப் பிரித்து எழுதும்போது அளவுகள் ஏன் மாறிப்போகின்றன?

கோத்தகிரி மருமகன், 6 டிசம்பர் 2025, இரவு 9.40

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நண்பரின் பிக்கப்பில் மேட்டுப்பாளையம் இறங்குவேன். அவர் கேரட் மூட்டைகளை மண்டியில் இறக்குவார். அதற்குள் நான் மூன்று வீட்டுக்கு மளிகை வாங்கி அதே வண்டியில் ஏற்றிவிடுவேன். எங்கள் வீடு, அத்தை வீடு, பக்கத்து வீட்டுப் பெரியம்மா. முதல் நாள் இரவே சிட்டைகள் போட்டோவாக வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நான் அவற்றைப் பருப்பு, மசாலா, எண்ணெய், காய், சோப்பு என்று பிரித்து ஒரே தாளில் எழுதிக்கொண்டு போவேன்.

இன்று அத்தைக்கு இரண்டு கிலோ வெங்காயம் கூடுதலாகப் போய்விட்டது, பெருங்காயம் போகவே இல்லை. மேரக்காய் கேட்டிருந்தார், பேரிக்காய் கிடைக்கவில்லை என்று போனில் சொன்னேன். உளுந்தும் குறைந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்ல விடுங்க" என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, ரசத்துக்குப் பெருங்காயம் இல்லாமல் ஒரு மாதம் எப்படி ஓட்டுவார்?

அவர் எழுதியது அப்படியே கீழே:

அரிசி 25
து.பருப்பு 2
க.பருப்பு 1/2
உ.பருப்பு 1.1/2
மிளகு 50
சீரகம் 100
பெ.காயம் 2
ம.தூள் 100
மி ,, 1/4
புளி 1/2
எண்ணெய் 2
ந ,, 1/2
பெ.வெ 3
சி.வெ 1
மேரக்காய் 2
முருங்கை 6
தேங்காய் 5
சோப்பு 4
துணி ,, 3

இதைப் பிரிக்க நீங்கள் என்ன முறை வைத்திருக்கிறீர்கள்?

சமவெளிக்காரன், 6 டிசம்பர், இரவு 10.15

இதுக்கு இவ்வளவு யோசிக்கணுமா அண்ணா? ஒரு ஷீட் திறங்க. பொருள், அளவு, பிரிவு என்று மூன்று பத்தி. பிரிவு வாரியாக அடுக்கினால் முடிந்தது, கூட்டலை அதுவே போட்டுவிடும். போட்டோவில் இருக்கிற எழுத்தைக்கூட இப்போது போனே எடுத்துக் கொடுக்கிறது, கையால் அடிக்க வேண்டியதே இல்லை. நான் கோவையில் ஃபிளாட் நண்பர்கள் நான்கு பேருக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

பூம்பாறை அக்கா, 7 டிசம்பர், காலை 6.05

மேட்டுப்பாளையத்தில் எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் தம்பி? இங்கே கொடைக்கானலில் விலை ஏறிக்கிடக்கிறது, பழனி இறங்கினால் வண்டி வாடகை கட்டுபடியாகவில்லை. மூன்று வீடு சேர்ந்து வாங்கினால் விலை குறைத்துத் தருகிறார்களா?

கோத்தகிரி மருமகன், 7 டிசம்பர், காலை 7.30

அக்கா, மூட்டையாக எடுத்தால்தான் கொஞ்சம் குறைப்பார்கள். அரிசி மட்டும் அப்படி எடுக்கிறோம். நான் கேட்டது விலையை அல்ல, சிட்டையைப் பிரிக்கும் விதத்தை.

சமவெளிக்காரன் தம்பிக்கு: நான் ஷீட்டில்தான் செய்தேன். வெங்காயத் தப்பு வந்ததே அதில்தான். காய் என்ற பிரிவில் "பெ.வெ 3" போட்டேன். மேலே "பெ.காயம் 2" கண்ணில் பட்டது, அதையும் பெரிய வெங்காயம் என்றே எடுத்து அங்கேயே சேர்த்தேன். மொத்தம் 5 கிலோ என்று வந்தது. மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு 5 கிலோ அப்படியொன்றும் அதிகமாகத் தெரியவில்லை.

போன் எழுத்தை எடுப்பதையும் பார்த்துவிட்டேன். அச்சடித்த பாக்கெட் என்றால் நன்றாக எடுக்கிறது. அத்தையின் கையெழுத்தில் "புளி 1/2" என்பதை 112 என்று எடுத்தது, சாய்கோடு அதற்கு ஒன்றாகத் தெரிகிறது. இரண்டு புள்ளி போட்ட மேற்படிக் குறிகளை விட்டே விட்டது. "ந" மட்டும் தனியாக நின்றது.

குன்னூர் சிட்டைக்காரர், 7 டிசம்பர், மாலை 4.20

நான் குன்னூரில் ஒரு மளிகைக் கடையில் 31 வருடம் கவுண்டரில் நின்றவன். எஸ்டேட் வீடுகளிலிருந்து சம்பள வாரத்தில் வரும் சிட்டையே ஒரு நாளைக்கு நூறு இருக்கும். தம்பி போட்ட சிட்டையைப் படித்ததுமே உங்கள் அத்தை சமையலறையில் எப்படி நடந்தார் என்று சொல்லிவிடுவேன்.

மிளகு, சீரகம், பெ.காயம், ம.தூள், மி.தூள். இந்த ஐந்தும் ஒரே அலமாரி. அந்தத் தட்டில் நிற்கும்போது எழுதியது பெருங்காயமாகத்தான் இருக்கும், அங்கே வெங்காயம் எப்படி வரும்? வெங்காயத்தைக் கூடைக்குப் போனபிறகு எழுதியிருக்கிறார், அங்கே பெ.வெ, சி.வெ இரண்டும் ஒட்டி வருகின்றன. வெங்காயத்துக்கு "வெ" போட்டவர் அதே தாளில் அதற்கே "காயம்" போடமாட்டார். நீங்கள் வரியைப் பிய்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோன பிறகு படித்தீர்கள். எழுதிய இடத்தில் வைத்துப் படித்திருந்தால் தப்பு வந்திருக்காது.

அளவுக்கு வருவோம். பலசரக்கில் யாரும் கிலோ, கிராம் என்று எழுதமாட்டார்கள். பருப்பு, புளி போன்றவற்றில் 1, 2, 5 என்றால் கிலோ. 1/4, 1/2 என்றால் கிலோவில் கால், அரை, அதாவது 250 கிராம், 500 கிராம். 50, 100, 200 என்றால் கிராம். டப்பாவில் வருவது எண்ணிக்கை, ஆகவே பெருங்காயம் 2 என்றால் இரண்டு டப்பா. தேங்காய், முருங்கை, சோப்பும் எண்ணிக்கைதான். எண்ணெய் 2 என்றால் லிட்டரா, கிலோவா என்று நாங்கள் கேட்டுத்தான் போடுவோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடையில் ஒரு கிலோ வராது, ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும்.

உளுந்து குறைந்தது ஏன் என்று சிட்டையைப் பார்த்தாலே புரிகிறது. 1.1/2 என்பது ஒன்றரை. நடுவில் இருப்பது ஒன்றையும் அரையையும் பிரிக்கும் புள்ளி, தசமப் புள்ளி இல்லை.

கோத்தகிரி மருமகன், 7 டிசம்பர், இரவு 8.50

ஐயா, கடைசி வரி படித்ததும் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். நான் முன்னால் ஒரு சமக்குறி போட்டு =1.1/2 என்று அடித்திருக்கிறேன். அது 1.1 ஐ இரண்டால் வகுத்து 0.55 என்று காட்டுகிறது. கடையில் 550 கிராம் உளுந்து கேட்டேன், அவரும் நிறுத்துக் கொடுத்துவிட்டார்.

சமக்குறி ஏன் போட்டேன் என்றால் அதற்கு முன் மாதம் போடாமல் அடித்து மாட்டியிருந்தேன். வெறுமனே 1/2 என்று அடித்தால் ஷீட் அதைத் தேதியாக்கிவிடுகிறது, பிப்ரவரி 1. பார்ப்பதற்கு 1/2 மாதிரியே இருக்கலாம், கூட்டும்போதுதான் வெளியே வரும். இப்போது சோதித்துப் பார்த்தேன். 2 கிலோவும் 1/2 கிலோவும் கூட்டினால் 45691 என்று வருகிறது. 1 பிப்ரவரி 2025 என்ற தேதி ஷீட்டுக்குள் 45689 என்ற எண்ணாக இருக்கிறதாம். இவ்வளவு பெரிய எண் வந்தால் உடனே தெரிந்துவிடும், திருத்திவிடலாம். 0.55 கண்ணில் படவே இல்லை.

சமவெளிக்காரன், 7 டிசம்பர், இரவு 9.30

இது சரிதான், நான் பின்னமே எழுதுவதில்லை, அதனால் எனக்கு வந்ததில்லை. எல்லாவற்றையும் கிராமாக அடியுங்கள். 1/2 என்றால் 500, ஒன்றரை என்றால் 1500. தேதியும் வராது, வகுத்தலும் வராது.

ஆனால் பெரியவர் சொல்வது போல அலமாரியைக் கற்பனை செய்து படிப்பதற்குப் பதில் ஒரு படிவம் அச்சடித்துக் கொடுத்துவிடலாமே? துவரம் பருப்பு, பக்கத்தில் ஒரு கட்டம். அத்தை எண்ணை மட்டும் நிரப்பினால் போதும்.

கோத்தகிரி மருமகன், 9 டிசம்பர், மதியம் 1.10

கிராம் யோசனையை எடுத்துக்கொண்டேன். இப்போது என் ஷீட்டில் ஏழு பத்திகள்: வரி எண், எழுதியபடி, பொருள், அளவு, அலகு, பிரிவு, வீடு. இரண்டாவது பத்தியில் சிட்டையில் இருக்கிற எழுத்து எதுவோ அதுவேதான், பெ.காயம் என்றால் பெ.காயம். அந்தப் பத்தியை மட்டும் முதலிலேயே 'வெற்று உரை' என்று மாற்றி வைத்தேன், இல்லாவிட்டால் அங்கேயும் தேதி முளைக்கிறது. மூன்றாவதில்தான் பெருங்காயம் என்று விரித்து எழுதுகிறேன். எல்லா வரியும் இப்படி விரிந்த பிறகே பிரிவைத் தொடுகிறேன். பிரித்து அடுக்கிய பிறகும் வரி எண் கூடவே வருவதால், சந்தேகம் வந்தால் திரும்ப எண் வாரியாக அடுக்கிப் போட்டோவோடு வைத்துப் பார்க்க முடிகிறது.

கூட்டலுக்கு இது:

```
=SUMIFS(D:D, C:C, "துவரம் பருப்பு", E:E, "கிராம்")
```

அலகும் ஒத்துப்போனால்தான் கூட்டும். பெரியம்மா கொத்தமல்லி "2 கட்டு" என்று எழுதுவார், நாங்கள் கொத்தமல்லி விதை 100 கிராம் வாங்குவோம். முன்பு இவை இரண்டும் சேர்ந்து 102 ஆகியிருந்தன.

படிவம் பற்றி அத்தையிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

பூம்பாறை அக்கா, 9 டிசம்பர், இரவு 7.45

இப்போதுதான் கேள்வி புரிந்தது தம்பி. எங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நான்கு அறை விடுதி நடத்துகிறோம், சமையல்கார அம்மா சிட்டை எழுதுவார், என் மகன் தொகுப்பான். "பூண்டு 1" என்று ஒரு வரி, கீழே "ம.பூண்டு 1/2" என்று ஒரு வரி. அவன் இரண்டையும் கூட்டி ஒன்றரை கிலோ பூண்டு என்று கடையிலேயே வாங்கிவிட்டான். மலைப்பூண்டு இங்கே எங்கள் ஊரிலேயே விளைவது, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது, வாசனையே வேறு. அது ரசத்துக்கும் மருந்துக்கும். கடைப் பூண்டு குழம்புக்கு. ஒரே பெயர் என்பதற்காகக் கூட்டிவிடக் கூடாது. அந்த அம்மாவுக்கு வந்த கோபம் இரண்டு நாள் இருந்தது.

ஆமாம், மேரக்காயை எப்படிப் பேரிக்காய் என்று படித்தீர்கள்?

கோத்தகிரி மருமகன், 9 டிசம்பர், இரவு 9.20

அத்தை தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார் அக்கா. மெல்லிய தாள், முன்பக்கத்துத் தேதி எண் பெரிதாக இந்தப் பக்கம் தெரியும். "மே"யில் ம-வின் வலது பக்கத்துச் சுழி அந்தக் கறுப்பு எண்ணின் நிழலில் மறைந்துவிட்டது. சுழி போனால் மிஞ்சுவது ப. அப்புறம் ரகரத்தின் மேல் விசிறி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் பேரிக்காய் என்று படித்துவிட்டேன். கார்த்திகையில் எங்கள் பக்கம் பேரிக்காய் ஏது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அதிலும் முருங்கைக்கு மேலே குழம்புக் காய்களோடு இருக்கும் வரியில் பழம் வராது.

இன்று அதே தாளை வாங்கிவந்து மறுபடி படம் எடுத்துப் பார்த்தேன். தாளுக்கு அடியில் கறுப்பு நிறத் துணியை விரித்து எடுத்தால் பின்பக்கத்து எண் பெருமளவு மங்கிவிடுகிறது. வெள்ளை மேசைமேல் வைத்தால் பளிச்சென்று தெரிகிறது. ஃப்ளாஷ் போடாமல் ஜன்னல் பக்கம் வைத்து, போனை நேர் மேலே பிடித்து எடுத்தேன். சுழி தெரிகிறது.

குன்னூர் சிட்டைக்காரர், 10 டிசம்பர், காலை 11.00

மேரக்காயைத்தான் சமவெளியில் சௌசௌ என்பார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் "சௌ 1" என்று எழுதியதைச் சவ்வரிசி என்று பொட்டலம் கட்டியவன் நான். எழுதினவருடைய ஊர் தெரியாமல் சிட்டையைப் படிக்கவே முடியாது.

எங்கள் முதலாளியின் அப்பா கால் என்பதற்கு "வ" போடுவார். பழைய கணக்கில் வ என்றால் கால், அ என்றால் எட்டு. எட்டேகால் லட்சணம் என்று திட்டுவது அதனால்தான், சேர்த்தால் அவலட்சணம். அவர் சீட்டில் "புளி வ" என்று பார்த்துவிட்டுப் புதுப் பையன்கள் அது என்ன ரகப் புளி என்று கேட்பார்கள்.

கோத்தகிரி மருமகன், 14 டிசம்பர், மாலை 6.30

படிவத்தைச் சோதித்துவிட்டோம். சமவெளிக்காரன் தம்பி சொன்னபடி 42 பொருள் போட்டு அச்சடித்துக் கொடுத்தேன். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக நிரப்பினார், எண்கள் தெளிவு, ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் புளியையும் துணிசோப்பையும் விட்டுவிட்டார். இரண்டும் வீட்டில் தீர்ந்துபோனவை, படிவத்தில் கட்டமும் இருந்தது.

ஏன் என்று கேட்டேன். "டப்பாவ தொறந்து பாத்துத்தான எழுதுவேன், இது உக்காந்து எழுதறது" என்றார். அவருக்குச் சிட்டை எழுதுவதென்றால் எழுந்து நடந்து அலமாரியைத் திறப்பது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாலும் படிவத்தின் வரிசை வேறு, அலமாரியின் வரிசை வேறு, ஒவ்வொரு டப்பாவுக்கும் கட்டத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் அவர் எழுதுவது போலவே எழுதட்டும், பிரிப்பது என் வேலை என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கடைசியில் மொத்தம் எத்தனை வரி என்று எழுதிக் கோடு போடச் சொன்னேன். போட்டோவில் அடி வரி வெட்டுப்பட்டால் அதில் தெரிந்துவிடும்.

சமவெளிக்காரன், 14 டிசம்பர், இரவு 8.00

எங்கள் ஃபிளாட்டில் படிவம் நன்றாகவே போகிறது. நாலு பேருக்கும் அலமாரியே கிடையாது, அதனாலோ என்னவோ. வரி எண்ணிக்கை யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

கோத்தகிரி மருமகன், 21 டிசம்பர், இரவு 10.05

பிரிவுகளையே மாற்றிவிட்டேன். பருப்பு, மசாலா, காய் என்று பிரித்தது பார்க்க அழகாக இருந்தது, நடக்க உதவவில்லை. இப்போது முதல் பிரிவே கீழே வாங்குவதா, மேலே வாங்குவதா என்பதுதான். கேரட், பீன்ஸ், கோஸ், மேரக்காய் எல்லாம் இங்கே கோத்தகிரியிலேயே கிடைக்கும். கீழே போய் வாங்கித் திரும்ப மலை ஏற்றுவதில் அர்த்தமில்லை. முருங்கை, தேங்காய், சின்ன வெங்காயம் கீழே. ஆக ஒரே "காய்" என்ற பிரிவு இங்கிலீஷ் காய், நாட்டுக் காய் என்று இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊருக்குப் போகிறது. பெரிய வெங்காயத்தைக் கீழேயே போட்டேன்.

கீழே வாங்குவதை மறுபடி கடை வாரியாகப் பிரித்தேன்: அரிசி மண்டி, மளிகைக் கடை, எண்ணெய்க் கடை, காய்க் கடை. சோப்பு மளிகைக் கடையிலேயே கிடைக்கும், ஆனாலும் அதற்குத் தனி வரி, ஏனென்றால் தனிப் பை. ஒருமுறை துணிசோப்பு வாசம் ரவையில் ஏறிவிட்டது.

குன்னூர் சிட்டைக்காரர், 22 டிசம்பர், காலை 10.40

நல்ல பிரிப்பு. ஒரு திருத்தம். மூன்று வீட்டுத் துவரம் பருப்பையும் கூட்டி 3½ கிலோ என்று கடையில் கொடுத்தால் பையன் மூன்றரையை ஒரே பையில் கட்டிவிடுவான். மேலே வந்து தராசு இல்லாமல் எப்படிப் பிரிப்பீர்கள்? மொத்தம் உங்களுக்கு, பணம் கணக்குப் பார்க்க. கடைக்காரருக்கு 2 + 1 + ½ என்று எழுதிக் கொடுங்கள், மூன்று பொட்டலம் வரும். ஒவ்வொன்றிலும் வீட்டின் முதல் எழுத்தைப் போடச் சொல்லுங்கள்.

சரக்கு வாங்கியதும் பெயர்மேல் அடிக்காதீர்கள். ஓரத்தில் டிக் போடுங்கள். பெயரை அடித்துவிட்டால் அளவில் தகராறு வரும்போது படிக்க முடியாது.

கோத்தகிரி மருமகன், 3 ஜனவரி 2026, இரவு 9.15

இன்று இறங்கி ஏறினோம். மூன்று சிட்டையும் சேர்த்து 53 வரி, ஷீட்டிலும் 53. அத்தை தாளில் "19" என்று அடியில் எழுதிக் கோடு போட்டிருந்தார். துவரம் பருப்பு மூன்று பொட்டலமாகவே வந்தது. பெருங்காயம் இரண்டு டப்பா போய்ச் சேர்ந்தது.

ஒரே வரி நின்றுவிட்டது. பெரியம்மா "ம.தூள் 1/4" என்று எழுதியிருந்தார். அத்தை எழுதும் "ம.தூள் 100" மஞ்சள்தூள், அது கேட்டுத் தெரிந்துகொண்டது. பெரியம்மா வீட்டில் இருவர்தான், கால் கிலோ மஞ்சள்தூள் ஒரு மாதத்துக்கு வேண்டியிருக்காது, மல்லித்தூளாக இருக்கும் என்று தோன்றியது. வரிசையைப் பார்த்தேன், மேலே உப்பு, கீழே ரவை, இரண்டும் எதுவும் சொல்லவில்லை. ஷீட்டில் பொருள் பத்தியில் கேள்விக்குறி போட்டு வைத்தேன். குஞ்சப்பனை தாண்டியதும் போன் செய்தேன், சிக்னல் இல்லை. கடையில் நின்று மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இரண்டிலும் 100 கிராம் வாங்கினேன்.

பூம்பாறை அக்கா, 4 ஜனவரி, காலை 6.20

தை வருகிறது தம்பி. பொங்கலுக்கு வாசல் மெழுகவும் நிலைக்குப் பூசவும் நாங்கள் மஞ்சள்தூள் கால் கிலோவுக்குக் குறையாமல் வாங்குவோம். மல்லி என்று முடிவு கட்டாமல் விட்டது நல்லது.

குன்னூர் சிட்டைக்காரர், 4 ஜனவரி, காலை 9.50

எனக்கு மல்லி என்றே படுகிறது. உப்புக்கு அடுத்த டப்பா பல வீடுகளில் மல்லித்தூள்தான்.

கோத்தகிரி மருமகன், 4 ஜனவரி, மாலை 5.40

பெரியம்மா மகள் வீட்டுக்குக் கூடலூர் போயிருக்கிறார், புதன்கிழமைதான் வருவார். இரண்டு பொட்டலமும் எங்கள் வீட்டில் அவர் பையிலேயே இருக்கின்றன. வந்ததும் கேட்டு எழுதுகிறேன்.